நாலு லட்சத்தைக் கடைசிக்குத் தள்ளினால் மாத டியூ எவ்வளவு குறையும்?

பலூன் கடனில் வாங்கிய அசல் முழுவதையும் மாதத் தவணையில் அடைக்க மாட்டோம். ஒரு பெரிய தொகையைத் தனியாக ஒதுக்கி, கடைசி மாதத்தில் ஒரே தடவையாகக் கட்டுவதாக ஒப்புக்கொள்வோம். அந்தத் தொகைதான் பலூன். அதனால் மாதத் தவணை குறையும் என்பது எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிடுகிறது. எவ்வளவு குறையும் என்று கேட்டால்தான் முக்கால்வாசிப் பேர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள், எப்போதும் ஒரே மாதிரித் தப்பு.

என் அக்கா மகன் திருப்பூரில் துணி லோடு அடிக்கிறான். நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, அப்புறம் கம்பெனிக்கு, இப்படியே நாள் முழுக்க ஓட்டம். சொந்தமாக ஒரு மினி லாரி எடுக்க வேண்டும் என்று பைனான்ஸில் விசாரித்திருக்கிறான். கணக்குக்கு வசதியாகத் தொகைகளை முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன்: கடன் 10 லட்சம், வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம், நம் ஊர்ப் பேச்சில் நூற்றுக்கு ஒரு ரூபாய். அதுவும் பாக்கி நிற்கிற அசலுக்கு மட்டும். தவணை 36 மாதம். சாதாரணக் கடனாக எடுத்தால் மாதம் 33,214 ரூபாய் வரும். டீசல், டயர், இன்சூரன்ஸ், எஃப்சி எல்லாம் போக அவனால் 25,000 வரைக்கும்தான் முடியும். அதற்கு அவர்கள் 4 லட்சத்தைக் கடைசியில் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க மாமா, நாலு லட்சத்தைக் கடைசிக்குத் தள்ளிட்டா மீதி ஆறு லட்சத்துக்குத்தானுங்களே டியூ? இருபதாயிரம்கூட வராதுங்களே!" என்றான்.

ஆறு லட்சத்துக்கு 36 மாதத் தவணை 19,929 ரூபாய். அவன் சொன்ன கணக்கு அதுதான்.

"ஏன் மாப்ள, அந்த நாலு லட்சம் மூணு வருசம் யாரு கையில இருக்கும்? உன்ற வண்டியிலதானே? அப்ப அதுக்கு வட்டி யாரு கட்டுறது?"

விஷயம் மொத்தமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கடைசிக்குத் தள்ளியது அசலை மட்டும். அதற்கான வட்டியை யாரும் தள்ளிவைக்கவில்லை, அது மாதாமாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம் பக்கத்தில் புரோநோட்டு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவது எல்லோருக்கும் பழகிய விஷயம்: மாதாமாதம் வட்டியை மட்டும் கொடுத்துவிட்டு, அசலை ஒரு நாள் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்து நோட்டை வாங்கிக் கிழிப்போம். பலூன் கடன் என்பது ஒரு தவணைக் கடனையும் இந்த மாதிரி ஒரு புரோநோட்டுக் கடனையும் ஒரே தாளில் சேர்த்து எழுதியது, அவ்வளவுதான். 6 லட்சம் தவணைக் கடன், அதற்கு 19,929. 4 லட்சம் புரோநோட்டு மாதிரி, அதற்கு மாதம் ஒரு சதவீத வட்டி 4,000. இரண்டையும் கூட்டினால் 23,929 ரூபாய். இதுதான் அவனுக்கு வர வேண்டிய டியூ.

இது தோராயமாகச் சொல்வதில்லை. பைனான்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் எந்தச் சூத்திரத்தை வைத்துப் போட்டாலும், வட்டி குறையும் அசலுக்குத்தான் என்றால், பைசா சுத்தமாக இதே விடைதான் வரும். எக்செல்லில் பார்க்க வேண்டுமா, இந்த ஒரு வரி போதும்:

```
=PMT(1%,36,-1000000,400000)
```

முதலில் மாத வட்டி, அடுத்தது எத்தனை மாதம், அப்புறம் கடன், கடைசியில் பலூன். கடைசி எண்ணை விட்டுவிட்டால் சாதாரணக் கடனின் 33,214 வந்துவிடும். பலூனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் டியூ எப்படி அசைகிறது என்பது கையில் பிடிபடும்.

அசைவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. இந்த வட்டியில், 36 மாதத்தில், ஒரு லட்சத்தைத் தவணையில் அடைக்க மாதம் 3,321 ரூபாய் ஆகிறது. அதே ஒரு லட்சத்தைக் கடைசிக்குத் தள்ளினால் வட்டி 1,000 மட்டும். ஆக, தள்ளுகிற ஒவ்வொரு லட்சத்துக்கும் டியூ 2,321 ரூபாய் குறைகிறது, 3,321 அல்ல. நான்கு லட்சம் தள்ளினால் 9,285 குறையும். கடனில் 40 சதவீதத்தைத் தள்ளியும் டியூ 28 சதவீதம்தான் இறங்குகிறது என்றால் காரணம் இதுதான். பைனான்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதே மனக்கணக்காகப் போட்டுவிடலாம்: உங்களால் கட்ட முடிகிற தொகைக்கும் சாதாரண டியூவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, அதை 2,321-ஆல் வகுத்தால் எத்தனை லட்சம் தள்ள வேண்டும் என்று வந்துவிடும். என் அக்கா மகன் 25,000 வரை கட்டுவான் என்றால் இடைவெளி 8,214, ஆகவே மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளினாலே போதும். நாலு லட்சம் என்பது பைனான்ஸ்காரர் முழு எண்ணாகச் சொன்னது.

இதற்கு ஒரு அடிமட்டமும் இருக்கிறது. பத்து லட்சத்தையும் அப்படியே கடைசிக்குத் தள்ளினால் டியூ 10,000 ரூபாய், முழுக்க முழுக்க வட்டி. அதற்குக் கீழே யாராவது டியூ சொன்னால் கட்டாமல் விட்ட வட்டி அசலில் ஏறிக்கொண்டே போகிறது என்று அர்த்தம், அல்லது உங்களிடம் சொல்லாத வேறு ஏதோ ஒரு கணக்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கடனுக்கும் முதல் மாத வட்டி எவ்வளவு என்று போட்டுவைத்துக்கொண்டால் இது உடனே தெரிந்துவிடும்.

தவணைக் காலம் நீளமாக நீளமாக, பலூனால் கிடைக்கிற குறைப்பு சுருங்கிக்கொண்டே வரும். இதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. அதே 12 சதவீதத்தில் 60 மாதம் எடுத்தால் ஒரு லட்சத்துக்குத் தவணை 2,224 ரூபாய்தான். அதில் வட்டி 1,000 எப்படியும் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதால், ஒரு லட்சம் தள்ளினால் மிச்சமாவது 1,224 மட்டும். 36 மாதத்தில் கிடைத்த குறைப்பில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட. இன்னொன்றும் கவனியுங்கள்: பலூனே இல்லாமல் 60 மாதத்துக்குப் பத்து லட்சத்தின் டியூ 22,244. அதாவது 36 மாத பலூன் கடனின் 23,929-ஐ விடக் கம்மி, கடைசியில் நாலு லட்சம் என்ற தலைவலியும் கிடையாது. மொத்த வட்டி 3,34,667 ஆகும், அது கூடுதல்தான். ஆனால் மூன்று வருடம் முடிந்து அந்த நாலு லட்சத்துக்கு மறுபடியும் கடன் வாங்கித்தான் கட்டப் போகிறோம் என்றால், எடுக்கும்போதே ஐந்து வருடம் கேட்டுப் பார்த்துவிடலாமே. மறுகடன் அதே 12 சதவீதத்தில், 24 மாதத்துக்குக் கிடைத்தால் டியூ 18,829 வரும், இரண்டு கடனின் வட்டியையும் கூட்டினால் 3.13 லட்சம், ஐந்து வருடக் கடனை விட இருபதாயிரம் சொச்சம் மிச்சம். அதே வட்டிக்கு அன்றைக்குக் கிடைக்குமா, மூன்று வருடம் ஓடின வண்டிக்குக் கொடுப்பார்களா, மறுபடி டாகுமெண்ட் சார்ஜ் எவ்வளவு என்பதையெல்லாம் யோசித்தால் அந்த மிச்சம் நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சரி, மூன்று வருட பலூன் கடனையே எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 23,929 கட்டுகிறான், அதில் 10,000 வட்டிக்குப் போய்விடும், அசலில் 13,929 குறையும். சாதாரணக் கடன் என்றால் இதே மாதம் அசலில் 23,214 குறைந்திருக்கும். அவன் மிச்சம் பிடித்த 9,285-ம் முழுக்க முழுக்க அசலில் விழ வேண்டிய பணம் என்பதை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கடைசி மாதத்துக்கு வாருங்கள். சாதாரணக் கடனில் 36-வது தவணையில் வட்டி வெறும் 329 ரூபாய். பலூன் கடனில் 36-வது மாதத்திலும் வட்டி 4,197. அன்றைக்கும் 4,19,731 ரூபாய் பாக்கி நிற்கிறதே, அதற்கு வட்டி ஓடத்தானே செய்யும். மூன்று வருடத்தையும் கூட்டினால் சாதாரணக் கடனில் வட்டி 1,95,715 ரூபாய், பலூனில் 2,61,429 ரூபாய். கூடுதல் 65,714. டியூவைக் குறைத்துக்கொண்டதற்கு அவன் கொடுக்கிற விலை இது.

இந்த விலை அநியாயமா என்று கேட்டால், இல்லை. பணத்தை அதிக நாள் கையில் வைத்திருக்கிறோம், அதற்கு வட்டி. அந்தப் பணத்தை வைத்து என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. மாதம் மிச்சமாகிற 9,285-ஐ அப்படியே ஆர்டியில் போட்டு வந்தால் மூன்று வருடத்தில் நாலு லட்சம் சேர்ந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். மாதம் ஒரு சதவீதம் வட்டி கிடைத்தால் சரியாக நாலு லட்சம் சேரும், ஒரு ரூபாய் கூடவும் இருக்காது, குறையவும் குறையாது. வருடத்துக்கு 6 சதவீதம் என்று கணக்கிட்டால் 3,65,000 சொச்சம்தான் சேரும், கிட்டத்தட்ட 35,000 துண்டு விழும். ஆக கடன் வட்டிக்குக் குறைவாக எங்கே சேமித்தாலும் பலூனுக்குப் பற்றாது. அந்தப் பணம் வண்டி ஓட்டத்திலோ தறியிலோ அதைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுத்தால் மட்டுமே லாபம்.

பலூன் யாருக்குப் பொருந்தும் என்றால், கடைசி மாதத்தில் பெரிய தொகை நிச்சயமாக வருகிறவருக்கு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர், அறுவடை முடித்து வேகவைத்துக் காயப்போட்டு மார்க்கெட்டுக்கு மூட்டை போகிற மாதத்தில் பலூன் விழும்படி தேதியை வைத்துக்கொள்ளலாம். அதிலும் மஞ்சள் விலை எந்த வருடம் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது, அதனால் விலைக்காகக் காத்திருந்து மூட்டையை இருப்பு வைக்கிற பழக்கம் உள்ளவருக்கு இந்தத் தேதியே கழுத்தில் கத்தியாகிவிடும். வண்டியை விற்றுப் பலூனை அடைக்கலாம் என்று நினைக்கிறவர் வேறு ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

அது பாக்கிக் கணக்கு. பலூன் கடனில் அசல் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு வருடம் முடியும்போது சாதாரணக் கடனில் பாக்கி சுமார் 7,05,600 இருக்கும், பலூனில் 8,23,350. இரண்டு வருடம் முடியும்போது அங்கே 3,73,800, இங்கே 6,24,300. லோடு வண்டி முதல் இரண்டு வருடத்தில்தான் வேகமாக விலை இறங்கும். இரண்டு வருடம் ஓடின வண்டிக்கு ஆறு லட்சம்தான் தருவேன் என்று வாங்க வருகிறவர் சொன்னால், வண்டியையும் கொடுத்துவிட்டுக் கையில் இருந்து 24,300 ரூபாயும், முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் இருந்தால் அதையும் போட வேண்டி வரும். மூன்றாவது வருடக் கடைசியில் வண்டி நாலு லட்சத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால்தான் நாலு லட்சம் பலூன் சரி. அதனால் பலூனை முடிவு செய்யும்போது எவ்வளவு டியூ வேண்டும் என்பதோடு, இதே மாடல் மூன்று வருட வண்டி இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு பழைய வண்டி புரோக்கரிடமும் விசாரித்துவிட வேண்டும். இதே வேலைக்கு ஓடின வண்டியாக இருக்க வேண்டும், ஏனென்றால் டவுனுக்குள் துணி அடிக்கிற வண்டியும் சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றுகிற வண்டியும் ஒரே விலைக்குப் போகாது.

டியூ 23,929-க்குப் பதிலாக வேறு ஏதாவது சொன்னால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று தேதி. நான் போட்ட கணக்கில் 36 தவணையும் கட்டி, 36-வது தவணையோடு சேர்த்து நாலு லட்சமும் கட்ட வேண்டும். சில இடங்களில் 35 தவணை, 36-வது மாதம் பலூன் மட்டும் என்று வைப்பார்கள். அப்படி என்றால் டியூ 24,497 ஆகும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒரு தவணை குறைவதால் மற்ற 35-லும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது.

இன்னொன்று வட்டி போடுகிற முறை, இதில்தான் கவனமாக இருக்க வேண்டும். "நூற்றுக்கு ஒரு ரூபாய்தானுங்க" என்று சொல்லிவிட்டு, பத்து லட்சத்துக்கும் 36 மாதத்துக்கும் முழுசாக வட்டி போடுவார்கள். இதை பிளாட் வட்டி என்பார்கள். பத்து லட்சத்துக்கு மாதம் 10,000, 36 மாதத்துக்கு 3,60,000. அதோடு பலூன் போக மீதி 6 லட்சத்தைச் சேர்த்து 36-ஆல் வகுத்தால் 26,667. கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முதல் நாள் அசலுக்கே ஓடுகிறது. உண்மையான வட்டி எவ்வளவு என்பதை எக்செல்லே சொல்லிவிடும்:

```
=RATE(36,-26667,1000000,-400000)*12
```

விடை வருடத்துக்கு 16 சதவீதத்துக்கு மேல் காட்டும். வித்தியாசம் மாதம் 2,738 ரூபாய், மூன்று வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். ஒரு ரூபாய் வட்டி என்ற அதே வார்த்தைக்குள் இவ்வளவு இருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் தனிநபர்களுக்கும் சிறு குறு நடுத்தரத் தொழில்களுக்கும் கொடுக்கிற தவணைக் கடனுக்கு, 2024 அக்டோபர் 1 முதல், கையெழுத்து வாங்கும் முன்பே முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும், மாதவாரியான தவணை அட்டவணையும் இருக்கும். அட்டவணையில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதல் வரியில் வட்டி 10,000 தானா, பாக்கி 9,86,071 ஆகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் 24-வது வரியில் பாக்கி 6,24,300 அருகே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி வரியில் நாலு லட்சம் என்ன பெயரில், எந்தத் தேதியில் வருகிறது, டியூவோடு சேர்ந்தா தனியாகவா என்று பார்க்க வேண்டும். பேச்சில் "கடைசியில் பார்த்துக்கலாமுங்க, ரினியூவல் போட்டுத் தர்றோம்" என்று சொல்லியிருந்தால் அது அந்தத் தாளில் இருக்காது, இல்லாததைச் சொன்னதாகக் கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது.

டியூ மாதாமாதம் பேங்கில் இருந்து தானாகப் போகிறது என்றால், பலூனும் அதே மாதிரி அதே நாளில் எடுக்கப்படுமா, தனியாகக் கட்ட வேண்டுமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 36 டியூவும் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அந்த நாலு லட்சம் போய்ச் சேராத வரைக்கும், கடன் பாக்கி இல்லை என்று பைனான்ஸில் கொடுக்கிற என்ஓசி வராது. என்ஓசி இல்லாமல் ஃபாரம் 35 கொடுத்து ஆர்சியில் இருந்து பைனான்ஸ் பெயரை எடுக்க முடியாது, பைனான்ஸ்காரர் சம்மதம் இல்லாமல் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. வண்டியை விற்றுத்தான் பலூன் கட்ட வேண்டும் என்று இருப்பவர், வாங்குகிறவர் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டுகிற மாதிரி முன்கூட்டியே பேசிக்கொண்டு, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் இரண்டு மாதம் முன்பே ஆள் பார்க்க ஆரம்பித்துவிட வேண்டும்.